காணாமற்போன படமும் எஃப்.எம்.எஸ். கணக்கும்

கேள்வி: சந்தா தவறாமல் கட்டியும், பாதி பார்த்து நிறுத்திய தமிழ்ப் படம் மறுவாரம் மாயமாவது ஏன்? (டூட்டிங் வாசகர்)

பதில்: சந்தாதாரர் கட்டுவது படத்துக்கான விலையன்று, அந்த மாதம் தளத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கட்டணம் மட்டுமே. திரையரங்கு உரிமையைச் செங்கல்பட்டு, மதுரை, நெல்லை என்று ஏரியா ஏரியாவாக விற்றுப் பழகிய கோடம்பாக்கம், வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் மூன்றையும் 'எஃப்.எம்.எஸ்.' என்னும் தனிப் பங்காக வைத்திருந்தது. இணைய உரிமமும் அவ்வாறே இன்ன நாட்டுக்கு, இத்தனை காலத்துக்கு என்று எழுதப்படுவதால், டூட்டிங்கில் மறைந்த படம் தாம்பரத்தில் ஓடிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. தவணை முடிந்ததும், படத்தைப் பார்ப்போர் தொகை புதுப்பிக்கும் விலைக்கு ஈடாகாது என்று தளம் கருதினாலோ, போட்டித் தளம் கூடுதலாகக் கொடுத்தாலோ படம் இறங்கிவிடும்.

தவணைக்கு முன்பே இறங்குவதும் உண்டு. 2023 டிசம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அன்னபூரணி', சர்ச்சைக்குப் பின் உரிமம் அளித்தவர் கேட்டுக்கொண்டதால் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கு வெளியே மட்டும் 'சிம்ப்ளி சவுத்' தளத்தில் வெளியானது. நயன்தாரா சமைத்ததைச் சென்னைக்கு முன்பே டூட்டிங் மீண்டும் சுவைக்க நேர்ந்தது, நாடுவாரி உரிமத்தின் அபூர்வமான கருணை எனலாம்.

கேள்வி: பாரிஸ் லா ஷப்பெல் உறவினர் வீட்டில் இலண்டன் கணக்கைத் திறந்தால் படப்பட்டியல் மாறிவிடுகிறதே?

பதில்: 2018 ஏப்ரல் முதல், கட்டணச் சந்தாதாரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தற்காலிகமாகப் பயணிக்கும்போது சொந்த நாட்டுப் பட்டியலையே காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. பிரெக்ஸிட் இடைக்காலம் 2020 டிசம்பர் 31இல் முடிந்தபோது பிரித்தானியச் சந்தாதாரர் அந்த உரிமையை இழந்தார். உறவினர் வீட்டில் குறையேதும் இல்லை.

கேள்வி: தரவிறக்கி வைத்தால் தப்பிக்கலாமா?

பதில்: இயலாது, தரவிறக்கமும் அதே உரிமத்தில் தொங்குவதால், படம் தளத்தை விட்டு வெளியேறினால் அதுவும் திறக்காது. விலைக்கு 'வாங்கிய' படத்துக்கும் முழு உறுதியில்லை: ஸ்டூடியோகனால் நிறுவனப் படங்களைப் பிளேஸ்டேஷன் கடையில் வாங்கியிருந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய வாடிக்கையாளர்களின் தொகுப்பிலிருந்து 2022 ஆகஸ்ட் 31 அன்று அவை நீக்கப்பட்டன.

ஆகவே பார்க்கும் வரிசையை உரிமத்தின் ஆயுளைக் கொண்டு அமைப்பதே அறிவுடைமை. நெட்ஃபிளிக்ஸில் விரைவில் நீங்கவிருக்கும் படத்தின் விவரப் பக்கத்தில் "Last day to watch on Netflix" என்று தேதி காட்டப்படும். அத்தகைய படத்தை முதலில் பார்க்க வேண்டும். மறைந்த படம் எங்கே குடியேறியது என்பதை ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடலாம், ஆனால் நாடு ஐக்கிய இராச்சியம் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் தேடினால் வேறு நாட்டு விடை வந்து ஏமாற்றக்கூடும். ஒரே ஒரு படத்துக்காக ஒரு தளத்தில் சேருவோர் ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து மாதச் சந்தா கட்டுவது நலம்.

மீண்டும் மீண்டும் பார்க்கும் படத்துக்குக் குறுந்தகடே பாதுகாப்பு. டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம், பிரித்தானியா 2ஆம் மண்டலம். புளூ-ரேயில் முறையே சி, பி. எனவே சென்னையில் வாங்குவோர் உறையில் 'ALL' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணத்தை நீட்டுக.