கழுவிக் கழுவி ஊத்தாதீங்க தாயி!

காலமெல்லாம் தராசு பிடிச்ச கை இது. ராஜபாளையத்துல ஆக்கர் கடைத் திண்ணையில உக்காந்து பழைய பேப்பர், இரும்பு, ஈயம், பித்தளைன்னு வாங்கிப் போட்டவன் நான். இப்பத் தராசை மகன் பிடிக்கிறான், நான் வாயை மட்டும் பிடிச்சிருக்கேன். போறவங்க வர்றவங்க நின்னு குப்பையைப் பத்திக் கேட்டுட்டுப் போறாங்க. கேட்டதையும் சொன்னதையும் பேத்தி எழுதி வெச்சிருக்கா.

தாத்தா, பால் கவர், தயிர் டப்பா, பால்கோவா டப்பா எல்லாத்தையும் சோப்புப் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, வெயில்ல காய வெச்சுத்தான் கொடுக்கிறேன். அப்பத்தானே மறுசுழற்சிக்கு எடுத்துக்குவாங்க? (ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கு ரத வீதி மருமகள்)

மாமியாருக்குக் கூட இம்புட்டுப் பணிவிடை செஞ்சிருக்க மாட்டே. நல்லது தாயி. ஆனா நீ மினுமினுன்னு அனுப்புற டப்பா எங்க கடையில சாக்குல விழுந்து, லாரியில ஏறி, ஆலை முற்றத்துல மண்ணுல புரண்டு, அப்புறம்தான் மெஷினுக்குப் போகுது. அங்க அதைத் துண்டு துண்டா அறுத்து, சுடுதண்ணியும் காஸ்டிக் சோடாவும் ஊத்தி அலசுறான். உன் சோப்பு அங்க யாருக்கு வேணும்? ஆறாவது மைல்ல இருந்து வர்ற தண்ணிக்குக் குடத்தோட காத்துக் கிடக்கிற ஊரு எங்க ஊரு. தயிர் டப்பாவைக் குளிப்பாட்டவா அந்தத் தண்ணி?

ஆலைக்காரன் உன்கிட்ட கேக்கிறது ரெண்டே சங்கதி. உள்ள சோறு, குழம்பு, பால் தங்கியிருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தா நாலு நாள்ல புளிச்சு, புழு வெச்சு, சாக்கையே நாறடிச்சிரும். பக்கத்துல கிடக்கிற பேப்பரும் நனைஞ்சு பூசணம் பிடிச்சுப் போகும். அதனால ஒட்டியிருக்கிறதை வழிச்சுப் போடு. பாத்திரம் கழுவின தண்ணியிலயே ஒரு அலசு அலசு. கவுத்து வை, போதும்.

பால் கவருக்கு நம்ம பொம்பளைங்க வெச்சிருக்கிற முறைக்கு மேல முறை கிடையாது. கவர்ல அரை டம்ளர் தண்ணி ஊத்திக் குலுக்கி, அந்தத் தண்ணியையும் பால் சட்டியிலயே ஊத்துவாங்க. கேட்டா "பால் வீணாகக் கூடாது"ன்னு சொல்லுவாங்க. விருந்தாளிக்கு வர்ற டீ தண்ணியா இருக்கிற ரகசியமும் அதுதான். எப்படியோ, கவர் சுத்தமாயிருது. கொடியில ஒரு கிளிப் போட்டு மாட்டினா காஞ்சிரும். ஒரே ஒரு விசயம்: மூலையை நறுக்கும்போது முழுசா வெட்டி எறியாதே, கவரோட ஒட்டிக்கிட்டு இருக்கட்டும். அந்தக் குட்டி முக்கோணத்தை எந்தத் தூய்மைப் பணியாளரும் பொறுக்கி எடுக்க முடியாது, அது நேராச் சாக்கடைக்குத்தான் போகும். காஞ்ச கவரை அடுக்கிக் கட்டிக் கொண்டாந்தா எங்க கடையில விலை உண்டு. ஒரே வகைப் பாலித்தீன், உருக்கினா குருணையா வந்துரும்.

அடியில முக்கோணமும் நம்பரும் இருந்தா அது மறுசுழற்சி ஆகும்னு எங்க டீச்சர் சொன்னாங்களே தாத்தா? (ராஜபாளையம், எட்டாம் வகுப்பு)

ஜாதகம் இருந்தா கல்யாணம் ஆயிருமா பேராண்டி? அந்த முக்கோணம் வெறும் ஜாதகம். இது எந்த வகை பிளாஸ்டிக்குன்னு மட்டும் சொல்லும். 1988-ல அமெரிக்காவுல பிளாஸ்டிக் தயாரிக்கிறவங்க சங்கம் கொண்டாந்த குறி அது. 1 தண்ணி பாட்டில், 2 எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில் சாதி, 4 பால் கவர் மாதிரி மெல்லிசுப் பாலித்தீன், 5 சாப்பாட்டு டப்பா, 6 தெர்மாகோல் வகை, 7 "மத்தது". ஊர்ல பேர் தெரியாதவனை எல்லாம் ஒரே கணக்குல எழுதின மாதிரி அந்த ஏழு. அம்புக்குறி சுத்திச் சுத்தி வர்றதைப் பாத்து ஊரே ஏமாந்ததால, 2013-ல அந்த அம்பை எடுத்துட்டு வெறும் முக்கோணமா ஆக்குங்கன்னு விதியையே மாத்தினாங்க. பழைய அச்சு இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு.

மாப்பிள்ளை யாருன்னு எங்க கடையில வந்து கேளு. 6-ம் நம்பர் தெர்மாகோலை உருக்க முடியும்தான். ஆனா அதுல இருக்கிறது முக்காலே மூணு வீசம் காத்து. லாரி நிறைய ஏத்தினாலும் டீசல் காசு தேறாது. அதனால வாங்க மாட்டோம். நம்பர்ல குறை இல்ல, லாரி வாடகையில இருக்கு குறை.

நம்பர் தேய்ஞ்சு போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேளு, அதைச் சொல்லித் தாரேன். ஒரு தண்ணி பாட்டிலை எடு. மூடியில ஒரு துண்டு, உடம்புல ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணியில போட்டு, காத்துக்குமிழ் ஒட்டாம விரலால அமுக்கி விடு. மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு முங்கிப் போகும். ஆலையிலயும் பெரிய தொட்டி வெச்சு இதே வேலையைத்தான் செய்யிறான். ஆனா பி.வி.சி.ன்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, பாட்டிலோட சேந்து அதுவும் முங்கும். தொட்டிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பாட்டில் உருகுறது 250 டிகிரிக்கு மேல, அந்தச் சூட்டுக்கு முன்னாடியே பி.வி.சி. கருகிப் புகைஞ்சிரும். கொஞ்சூண்டு கலந்தாலும் மொத்தச் சரக்கும் மஞ்சளடிச்சுக் கரும்புள்ளி விழுந்துரும். பாட்டிலைச் சுத்தி இறுக்கிப் போட்டிருக்கிற மேல்சட்டை லேபிள்ல சிலது அந்த ரகம். அதைக் கிழிச்சு எடுத்துட்டுக் குடுத்தீன்னா சோப்புப் போட்டுக் கழுவினதை விட நூறு பங்கு உபகாரம்.

சந்தேகமா இருந்தா "எதுக்கும் இருக்கட்டும்"னு மறுசுழற்சிக் கூடையில போட்டுருவேன். ஆகலைன்னா அவங்களே எடுத்துப் போட்டுருவாங்கல்ல? (தென்காசி ரோடு, பேங்க் உத்தியோகம் பார்க்கிறவர்)

வாங்க சார். செல்லாத நோட்டையும் கட்டுல சொருகிக் குடுத்தா கேஷியர் எடுத்துப் போட்டுக்குவார்னு நீங்க இருப்பீங்களா? பிரிக்கிறது மெஷின் இல்ல சார், வெறுங்கையோட ஒரு பொம்பளை. உங்க "எதுக்கும்" ஒவ்வொண்ணும் அவ கையில படுது.

ஒரு பால்கோவா பெட்டியைப் பிரிச்சுப் பாப்போம். ஆடிப்பூரத்துக்குப் போயிட்டு ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிட்டு வருவீங்களே, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பால்கோவா வயித்துக்குப் போயிருச்சு, பெட்டி மிச்சம். மேல அச்சடிச்ச அட்டை. உள்ள ஒரு பட்டர் பேப்பர். சுத்தி ஒரு ரப்பர் பேண்ட். பட்டர் பேப்பர்ல நெய் ஊறியிருக்கும், அதை எந்தப் பேப்பர் ஆலைக்காரனும் தொட மாட்டான். பேப்பர் ஆலையில பழைய அட்டையைத் தண்ணியில போட்டுக் கூழாக்குறான். நெய் தண்ணியில கரையுமா? கூழோட சேந்து சுத்தி, புதுப் பேப்பர்ல எண்ணெய்ப் புள்ளியா வந்து நிக்கும், அந்த இடத்துல நாரும் நாரும் ஒட்டாது.

அட்டையை என்ன செய்ய? வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. எண்ணெய் இறங்கின இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். பெரும்பாலும் அடிப்பாகம்தான் அப்படி இருக்கும், மூடி சுத்தமா இருக்கும். மூடியைக் கிழிச்சுப் பழைய பேப்பரோட வைங்க. பாக்கியை வண்டியில குடுங்க. அட்டை மேல பளபளன்னு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தா, மூலையைக் கிழிச்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும். வந்துச்சுன்னா அதையும் பேப்பரோட சேக்காதீங்க. டீ குடிக்கிற பேப்பர் கப்பும் இந்தக் கதைதான். பேரு பேப்பர், உள்ள பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1-லேயே தமிழ்நாட்டுல தடை பண்ணின பட்டியல்ல அது இருக்கு. தடை பண்ணின விசயம் கப்புக்குத்தான் தெரியலை போல.

சிப்ஸ் பாக்கெட்டை வெளிச்சத்துல திருப்புனா உள்ள வெள்ளி மாதிரி மின்னும். பிளாஸ்டிக், உலோகப் பூச்சு, மறுபடி பிளாஸ்டிக்னு அடுக்கு. பிரிக்கிற செலவுக்குப் புதுசே வாங்கிரலாம்னு எவனும் எடுக்க மாட்டான். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், 2002-லயே பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லி மேல தூவித் தார் ரோடு போட்டுக் காட்டினார். வேண்டாத பிளாஸ்டிக்ல கொஞ்சம் அப்படி ரோட்டுக்கும், கொஞ்சம் சிமெண்ட் ஆலை உலைக்கும் போகுது. உலைக்குப் போறதுக்குப் பேரு எரிபொருள் சார். அதையும் மறுசுழற்சிக் கணக்குல எழுதி மனசைத் தேத்திக்காதீங்க.

எங்க மில்லுல பஞ்சுத் தூசியைக் கூட வித்துடுறாங்க. அப்ப கட்டுப் போட்ட பேண்டேஜ் துணியும் பருத்திதானே தாத்தா, துணிக் கூடையில போடலாமா? (மில் தொழிலாளி, ராஜபாளையம்)

நீ சொன்ன முதல் பாதி வேதம்யா. நூற்பாலையில கோம்பர் மெஷின்ல விழுற குட்டைப் பஞ்சு மறுபடி நூலாவும் மருத்துவப் பஞ்சாவும் போகுது. எந்த மெஷின்ல, எந்த ரகத்துல விழுந்ததுன்னு தெரியும், வேற எதுவும் கலக்கலை, அதனால போட்டி போட்டு வாங்குறாங்க. சத்திரப்பட்டியில நெய்யிற பேண்டேஜ் துணி உன் காயத்துல பட்டதும் சங்கதி வேற. ரத்தமும் சீழும் பட்ட துணி, குழந்தைக்குக் கட்டின டயப்பர், நாப்கின் இதையெல்லாம் பேப்பர்ல சுத்தித் தனியாக் குடு, தனியாத்தான் குடுக்கணும்னு திடக்கழிவு விதியே சொல்லுது. ஊசியும் பிளேடும் இருந்தா கெட்டி டப்பாவுல போட்டு மூடிக் குடு. இதுல நான் விளையாட மாட்டேன். எங்க கடைக்குச் சரக்கு பொறுக்கிக் கொண்டாந்தவங்க கையைப் பாத்தவன் நான்.

எல்லாத்தையும் ஒரே வண்டியில கொட்டித்தான கொண்டு போறாங்க? நாங்க மட்டும் எதுக்குப் பிரிக்கணும்? (பேரு சொல்ல மாட்டேன்னுட்டார்)

நீங்க பேரு சொல்லாட்டியும் உங்க கேள்வி எல்லாத் தெருவுலயும் குடியிருக்கு. சில இடத்துல அப்படி நடக்கத்தான் செய்யுது, இல்லைன்னு சொன்னா நான் பொய்யன். அதுக்குத்தான் ஒரு குறுக்கு வழி. கதவுக்குப் பின்னாடி ஒரு சாக்கு மாட்டுங்க. பேப்பர், அட்டை, பாட்டில், பால் கவர், இரும்பு, அலுமினியம் அதுல விழட்டும். இதெல்லாம் விலை போற சரக்கு, வண்டி வரைக்கும் போகவே வேண்டாம். சாக்கு நிறைஞ்சதும் கடைக்கு வாங்க. அட்டையில தண்ணி தெளிச்சு எடையேத்திக் கொண்டாராதீங்க, நடுவுல கையை விட்டுப் பாத்தாலே என் மகனுக்குத் தெரிஞ்சிரும். பேரீச்சம்பழமும் கேக்காதீங்க. பழம் கிலோ என்ன விலைன்னு தெரியுமா இப்ப?