ஔவையாரை அகற்றக் கோரும் விண்ணப்பம்

அலுவலகத்தில் நாள் முழுக்க மனு வாங்கிப் பழகிய எனக்கு, வாட்ஸ்அப்பில்கூட 'பொருள்', 'பார்வை' போடாமல் எழுத வராது. மகளின் வகுப்புக் குழுவுக்கு அட்மின் அவளுடைய மிஸ்தான். அவருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்ப வேண்டிய நிலை வந்ததும் என் கை தானாக, "மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று தொடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஔவையார். தலை நிறைய டால்கம் பவுடர், நெற்றியில் பட்டை, கையில் ஊன்றுகோல். எல்லாம் சரி, சங்க காலத்தில் இல்லாத ஒன்று கழுத்தில் தொங்கியது: பள்ளி ஐடி கார்டு. மிஸ் போட்ட படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். பெயர், வகுப்பு, என் கைபேசி எண், வேன் நிற்கும் இடம் எல்லாமே கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பா அனுப்பினார்" என்று சொல்ல இது போதும்.

என் வரைவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது வந்தது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதை அடிக்கோடிட்டிருந்தேன். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"ஏங்க, இதை மிஸ் எத்தனை தவணையில கட்டுவாங்க?"

2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் ஆகும் என்று நான் விளக்க முற்பட்டேன். "அப்ப இன்னும் வராத சட்டத்தை வெச்சு மிரட்டறீங்க" என்றாள். வழக்கம்போல எதிர்த்தரப்பு வாதமே வலுவாக இருந்தது.

அடுத்து, மனுவைக் குழுவிலேயே போடலாம், வெளிப்படையாக இருக்கும் என்றேன். "போடுங்க. இதுவரைக்கும் பாக்காதவங்ககூட விரிச்சு விரிச்சுப் பாப்பாங்க" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். மிஸ்ஸுக்குத் தனியாக அவள் அனுப்பியது இது:

"வணக்கம் மிஸ், ஔவையார் வேஷம் போட்ட பாப்பாவோட அம்மா. நேத்து சாயங்காலம் 4.10-க்கு நீங்க போட்டதுல, பாப்பா தனியா நிக்கிற ரெண்டு போட்டோலயும் ஐடி கார்டு படிக்க முடியுது. அந்த ரெண்டை மட்டும் 'Delete for everyone' குடுத்துடுங்க. ஸ்கூல் பேஜுக்குப் போயிருந்தா அங்கயும் எடுக்கச் சொல்லுங்க. குரூப் போட்டோ இருக்கட்டும். ரெண்டு நாள் தாண்டினா எல்லார் போன்லேருந்தும் எடுக்க முடியாதாம், அதான் இப்பவே கேக்கறேன். தேங்க்ஸ் மிஸ்."

எந்தப் படம், எப்போது வந்தது, என்ன காரணம், என்ன செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும் என எல்லாமே அதில் இருந்தது. சட்டப் பிரிவு ஒன்றுகூட இல்லை. அனுப்பியவர் எல்லார் போனிலிருந்தும் அழிக்க ஏறக்குறைய இரண்டு நாள்தான் கெடு என்பதையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். என் மனு அதற்குள் முன்னுரையைத் தாண்டியிருக்காது.

பத்து நிமிடத்தில், "ஷ்யூர் மேம், ஸாரி" என்று பதில். படங்கள் போய்விட்டன. இருந்த இடத்தில் 'செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி நின்றது. உடனே ஓர் அப்பா, "என்ன மிஸ் டெலீட் பண்ணீங்க?" என்று கேட்டார். பின்னாலேயே நான்கு பேர் அதே கேள்வி. ஔவையாரை ஏறிட்டும் பார்க்காதவர்களெல்லாம் இப்போது ஆராய்ச்சியில் இறங்கினார்கள்.

குழுவில் அழித்தாலும் எல்லா இடத்திலும் அழிந்துவிடாது. ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆனது தனிச் செய்தி. அது அப்படியே இருக்கும். ஐபோனின் போட்டோ ஆல்பத்தில் சேமித்தவர்களிடமும் இருக்கலாம். ஓர் அம்மா அதைத் தன் அடுக்குமாடிக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். அவரிடமும் மனைவியே பேசினாள். திங்கட்கிழமை, "போட்டோ எடுக்கும்போது ஐடி கார்டைக் கழற்றிவிடவும்" என்று மிஸ் குழுவில் அறிவித்தார்.

மிச்சம் இருப்பது ஒரே இடம். என் அம்மா அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். 24 மணி நேரத்தில் அது தானாகப் போய்விடும். போனதும் மறுபடி வைத்துவிடுகிறார். அவருக்காவது என் மனுவை அனுப்பலாம் என்று சட்டத்தைப் புரட்டினேன். சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் பயன்படுத்தினால் இந்தச் சட்டம் பொருந்தாதாம். பாட்டிமார்களுக்கு நாடாளுமன்றமே விலக்கு கொடுத்துவிட்ட பிறகு, நான் எந்தப் பிரிவில் மனு போடுவது? ஐடி கார்டை மறைத்து ஒரு படம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். "இதுல குழந்தை பாதிதானே தெரியறா" என்று அது பரிசீலனையில் இருக்கிறது.