மனோராஜ்ய வருகையும் மெய்வருகையும்: ஜிம் சந்தா குறித்து ஓர் ஆய்வு

இத்துறையில் முன்னோடி ஆய்வுக் கட்டுரை 2006-இல் வெளிவந்தது. ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவைப் புரட்டினார்கள். 7,752 உறுப்பினர்கள், மூன்று ஆண்டுகள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலர் விழுந்தது. பத்து தடவைச் சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்தே டாலரில் முடிந்திருக்கும். ஆய்வின் தலைப்பே ‘ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுதல்’ என்ற பொருளில் அமைந்தது. எங்கள் தெருவில் யாரும் இதைப் படித்ததில்லை; ஆனால் முடிவை ஒவ்வொரு ஜனவரியிலும் சொந்தச் செலவில் நிரூபித்துவருகிறோம்.

அந்த ஆய்வு விட்டுவைத்த இடத்தை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வுப் பொருள் நான். ஆய்வுக்களம் சென்னையில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் முதல் மாடியில் இயங்கும் ஜிம். அதன் கட்டணம்: ஒரு நாளுக்கு 150, மாதம் 1,500, மூன்று மாதம் 4,000, ஒரு வருடம் 10,000. நாள் கட்டணம் தவிர மற்றவற்றுக்கு அட்மிஷன் 1,000 தனி. வருடமாகக் கட்டினால் அட்மிஷன் கிடையாது.

முதலில் ஒரு கலைச்சொல். சேரும் அன்று மனத்தில் ஓடும் எண்ணிக்கை மனோராஜ்ய வருகை. வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் சொல்வது மெய்வருகை. என் மனோராஜ்ய வருகை வாரம் ஐந்து, வருடத்துக்கு 260. அதன்படி ஒரு தடவைக்கு 38 ரூபாய் சொச்சம்; டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. மறுயோசனை இல்லாமல் 10,000 கட்டினேன்.

வருட முடிவில் ரிசப்ஷனில் கேட்டு வாங்கிய மெய்வருகை: ஜனவரி 14, பிப்ரவரி 9, மார்ச் 6, ஏப்ரல் 2, ஜூன் 1. அத்துடன் ஏடு முடிகிறது. மொத்தம் 32. (ஜூனில் வந்தது எடை பார்க்க மட்டுமே. அதை வருகையாகக் கொள்ளலாமா என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.) ஒரு தடவைக்கு 312 ரூபாய் ஐம்பது காசு.

இதே மனிதன் மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்திருந்தால்? அட்மிஷனோடு 5,000. அந்த மூன்று மாதத்தில் 29 தடவை வந்திருக்கிறேன், தடவைக்கு 172. நாள்தோறும் 150 கொடுத்திருந்தால் 29 தடவைக்கும் 4,350-தான். நாள் கட்டணத்தை வருடத் திட்டம் தோற்கடிக்க 67 தடவை வர வேண்டும். மாதாமாதம் கட்டுபவரோ ஆறாவது மாதத்தில் அட்மிஷன் உட்பட சரியாக 10,000-ஐத் தொடுகிறார். ஆகவே ஏழாவது மாதமும் நாம் மூச்சிரைத்துக்கொண்டிருப்போமா என்பதே கேள்வி. இதற்கு விடை சொல்லத் தகுதியுள்ளது போன வருடத்து ஏடு மட்டுமே. புது ஷூ அல்ல.

அடுத்தது, அறிஞர்கள் அதிகம் தொடாத ‘ஃப்ரீஸ்’. என் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த விதி: வருடத் திட்டத்துக்கு 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம், ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நாள், மூன்று நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும். காய்ச்சல் மூன்று நாள் முன்னதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் நான்கு நாளில் திரும்பிவிடுகிறோம். விதிக்குப் பொருந்திவந்த ஒரே சம்பவம் ஏப்ரலில் மைத்துனியின் பிரசவம். 15 நாள் நிறுத்தினேன். சாமர்த்தியம் செய்துவிட்டதாகவும் நினைத்தேன்.

ஆனால் நிறுத்திய நாட்கள் எங்கே போய் ஒட்டுகின்றன? சந்தாவின் வாலில். என் சந்தா ஜனவரி 1-க்குப் பதில் ஜனவரி 16-இல் முடியும். அதாவது, மாதம் இரண்டு தடவையாவது வந்துகொண்டிருந்த ஏப்ரலின் நாட்களைக் கொடுத்து, ஆறு மாதமாக எட்டியே பார்க்காத ஒருவனின் நாட்களை வாங்கியிருக்கிறேன். ஃப்ரீஸின் மதிப்பு எத்தனை நாள் என்பதில் இல்லை. கடைசி மாதத்தில் எத்தனை தடவை வருவோம் என்பதில் இருக்கிறது. என் கணக்கில் 15-ஐப் பூஜ்யத்தால் பெருக்க வேண்டியிருந்தது.

(மனைவியின் யோகா வகுப்பில் ஃப்ரீஸே இல்லை. பத்து வகுப்புச் சீட்டு, 2,500 ரூபாய், மூன்று மாதக் கெடு. ஏழு வகுப்பு போனாள், வகுப்புக்கு 357. இது என்னுடையதைவிட அதிகம் என்பதை ஆய்வாளர் வீட்டில் வெளியிடவில்லை.)

பொங்கல் முடிந்து ஜனவரி 20 அன்று, இத்தனை ஞானத்தோடும், மூன்று மாதத்துக்கு 4,000-ஐ எண்ணி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

“பதினாறாம் தேதியே முடிஞ்சிருச்சு சார். முடியறதுக்குள்ள ரின்யூ பண்ணியிருந்தா அட்மிஷன் இல்ல. இப்போ புது மெம்பர்தான்” என்றது ரிசப்ஷனில் இருந்த பெண்.

“அப்போ 5,000-மா?”

“ஆமா சார்.” கால்குலேட்டரை என் பக்கம் திருப்பியது. “வருஷத்துக்குப் போட்டுட்டீங்கன்னா அட்மிஷன் ஃப்ரீ.”