கத்தரித்த காந்தி

காந்திகிராமத்து டீக்கடையில் காந்தியே ஆயுதம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அட்டை: "வன்முறையையே பரிந்துரைப்பேன் – காந்தி". பொக்கைவாய்ச் சிரிப்புப் படம் வேறு.

சொல் பொய்யில்லை, அதுதான் வில்லங்கம். 1920 ஆகஸ்ட் 11 'யங் இந்தியா'வில் வாளின் கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரை அது. கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்றால் வன்முறை என்றார். அடுத்து ஓர் 'ஆனால்' போட்டு, அகிம்சை அதைவிட எவ்வளவோ மேலானது என்றார். கத்தரிக்கோல் தலையில் 'என்றால்' வரையும், வாலில் 'ஆனால்' முதலும் வெட்டிவிட்டது.

அட்டையில் தேதி இருக்காது; இருந்தால் மாட்டிக்கொள்ளுமே! அதே வரியை இணையத்தில் தேடினாலோ அதே அட்டைதான் ஆயிரம் உருவில் வரும். கூடவே 'யங் இந்தியா', '1920' சேர்த்துத் தேடிப் பாருங்கள். பிறகு காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டலில் தொகுப்பு நூல்களின் 18ஆம் தொகுதியைத் திறந்து, கட்டுரையை முழுசாகப் படியுங்கள். மின்பதிப்பில் தொகுதி எண் மாறும், தேதி மாறாது.

இதையெல்லாம் சொன்னதும் அட்டை அனுப்பிய அண்ணன் கேட்டார்: "சரி தம்பி, இதைச் சுருக்கமா ஒரு வரியில அனுப்பு, பார்வர்ட் பண்றேன்."