மேற்படி என்றால் எந்தப்படி?

கே: இரத்தசோகை, குழந்தை நலம் பற்றி 36 ஸ்லைடுகளில் ஒரு பிரசன்டேஷன். நான்கு பேர் சேர்ந்து செய்தோம். ஆதாரங்கள் சில ஸ்லைடுகளின் அடியில் இருக்கின்றன, சில நோட்ஸில் இருக்கின்றன. கடைசி ஸ்லைடில் ஒரே பட்டியலாகத் தர வேண்டும். எங்கே தொடங்குவது?
*– சுகாதாரப் பயிற்சியாளர், மதுரை*

ப: கடைசி ஸ்லைடை இப்போது தொடாதீர்கள். முதலில் எக்ஸெலில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: ஸ்லைடு எண், குறிப்பு இருந்த இடம், குறிப்பில் எழுதியிருந்தது, அந்தக் குறிப்பு எந்த எண்ணுக்கு அல்லது கூற்றுக்கு ஆதாரம் என்பது. ஒரே ஆதாரம் ஐந்து ஸ்லைடில் வந்தால் ஐந்து வரிசை. எழுத்துப்பிழை உட்பட உள்ளதை உள்ளபடியே ஒட்டுங்கள். திருத்துவதும் சேர்ப்பதும் பிறகு. நான்காவது நெடுவரிசையை நிரப்பச் சோம்பல் வரும். விட்டுவிடாதீர்கள், சிக்கல் வரும்போது அவிழ்க்க உதவுவது அதுதான்.

கே: Outline View-இல் இருந்த எல்லாவற்றையும் நகலெடுத்து வேர்டில் ஒட்டினேன். ஸ்லைடில் கண்ணால் பார்க்கிற "ஆதாரம்" வரிகளில் ஒன்றுகூட வரவில்லை. ஏன்?
*– முதுகலை மாணவி, திருச்சி*

ப: தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என்று ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளின் எழுத்து மட்டுமே அந்தப் பார்வையில் தெரியும். வேர்டில் இருப்பதுபோல் பவர்பாயிண்டில் அடிக்குறிப்பு வசதி கிடையாது. அதனால் எல்லோரும் கீழே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு, சின்ன எழுத்தில் ஆதாரத்தை எழுதிவிடுகிறோம். நீங்கள் தேடியதெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது, Outline-இல் அவை வரவே வராது. நோட்ஸும் அப்படித்தான்.

கணினி மொழி தெரியாதென்றால் Notes Pages வடிவில் அச்சிட்டு, பேனாவும் கையுமாக உட்காருங்கள். ஸ்லைடும் அதன் நோட்ஸும் ஒரே தாளில் வரும். 36 ஸ்லைடுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பைத்தான் தெரிந்தால் python-pptx நிறுவிக்கொண்டு இதை ஓட்டலாம்:

```python
from pptx import Presentation

slides = Presentation("talk.pptx").slides
for n, s in enumerate(slides, 1):
    for sh in s.shapes:
        if sh.has_text_frame:
            print(n, sh.text_frame.text)
    if s.has_notes_slide:
        print(n, "NOTES", s.notes_slide.notes_text_frame.text)
```

இது டெக்ஸ்ட் பாக்ஸையும் நோட்ஸையும் ஸ்லைடு வரிசைப்படியே தரும். ஆனால் குரூப் செய்த பெட்டிகள், அட்டவணைகள், சார்ட்டுகள் ஆகியவற்றுக்குள் இருக்கும் எழுத்து இதில் சிக்காது. படமாக ஒட்டிய ஸ்க்ரீன்ஷாட்டின் அடியில் உள்ள ஆதார வரியும் சிக்காது. இதை ஓட்டி முடித்த பிறகும் ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு முறை கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

கே: 4-ஆம் ஸ்லைடில் "என்.எஃப்.எச்.எஸ்.-5", 11-இல் "என்.எஃப்.எச்.எஸ்.-5, தமிழ்நாடு", 18-இல் "ஐ.ஐ.பி.எஸ்., ஐ.சி.எஃப்., 2021". மூன்றும் தேசியக் குடும்ப நல ஆய்வுதானே? ஒன்றாகச் சேர்த்துவிடலாமா?
*– மீண்டும் அதே மதுரைப் பயிற்சியாளர்*

ப: இரண்டைச் சேருங்கள், ஒன்றைத் தனியே விடுங்கள்.

4-ஆம் ஸ்லைடில் உள்ள எண், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்பது. அது இந்தியா முழுமைக்குமான அறிக்கையில் இருப்பது. 18-இல் இருப்பதும் அதே அறிக்கைதான். ஆய்வை நடத்திய மும்பை மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் பெயரை ஒருவர் எழுதியிருக்கிறார், ஆய்வின் பெயரை இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஆண்டைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அறிக்கையின் தலைப்பில் வரும் 2019-21 என்பது களத்தில் தகவல் திரட்டிய காலம், 2021 என்பது மேற்கோளில் தரும் வெளியீட்டு ஆண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டு நூல் என்று நினைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

11-ஆம் ஸ்லைடின் எண்ணைத் தமிழ்நாட்டுக்கான தகவல் தாளிலிருந்து எடுத்திருந்தால் அது தனி ஆவணம், தனிப் பதிவு. ஆய்வு ஒன்றே என்றாலும், சரிபார்க்க வருகிறவர் திறக்க வேண்டிய கோப்பு வேறு. சேர்க்கலாமா என்ற ஐயம் வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: படிப்பவர் ஒரே கோப்பைத் திறந்தால் இரண்டு எண்களும் கிடைக்குமா? கிடைத்தால் ஒரு பதிவு, கிடைக்காவிட்டால் இரண்டு.

ஆய்விதழ்க் கட்டுரைகளில் இந்தத் தலைவலி குறைவு. டி.ஓ.ஐ. எண் ஒன்றாக இருந்தால் கட்டுரையும் ஒன்றுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் முன்னால் ஒட்டியிருக்கும் இணைய முகவரியையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

கே: 23-ஆம் ஸ்லைடில் "மேற்படி" என்று மட்டும் இருக்கிறது. 22-இல் என்.எஃப்.எச்.எஸ்.-5. அதையே போட்டுவிடலாம் அல்லவா?
*– அவரே*

ப: கூடாது! நூலில் பக்கங்கள் இடம் மாறாது, அங்கே "மேற்படி" பாதுகாப்பாக இருக்கும். ஸ்லைடை யார் வேண்டுமானாலும் இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். "மேற்படி" கூடவே வந்துவிடும், அதன் "மேல்" பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

இங்கேதான் நான்காவது நெடுவரிசை வேண்டும். நீங்கள் அனுப்பிய 23-ஆம் ஸ்லைடில் இந்தியாவின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரம் பிறப்புகளுக்கு 28 என்று இருக்கிறது. என்.எஃப்.எச்.எஸ்.-5 தரும் எண் 35.2. ஆகவே இந்த 28 அங்கிருந்து வந்திருக்க முடியாது. இது தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுத் திட்டம், அதாவது எஸ்.ஆர்.எஸ்., 2020-ஆம் ஆண்டுக்குத் தந்த எண். அந்த ஸ்லைடு முன்பு வேறோர் எஸ்.ஆர்.எஸ். ஸ்லைடுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். பழைய பிரதி ஒன்று இருந்தால் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும். பிறகு எஸ்.ஆர்.எஸ். அறிக்கையைத் திறந்து, 28 அங்கே இருப்பதைக் கண்ணால் பார்த்த பின் பதிவு செய்யுங்கள்.

"மேற்படி", "அதே", "முன்னர்க் குறிப்பிட்டது" எல்லாவற்றையும் தேடி, முழு ஆதாரமாக மாற்றிய பிறகே பட்டியல் வேலையைத் தொடருங்கள். தன் குறிப்பை இழந்த ஸ்லைடு போலவே, வேறொன்றின் குறிப்பைச் சுமக்கும் ஸ்லைடும் உண்டு. ஒரு ஸ்லைடை நகலெடுத்துச் சார்ட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள், அடியில் பழைய ஆதாரம் அப்படியே நிற்கும். இரத்தசோகைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஆதார வரி இருந்தால் அங்கே நின்று பாருங்கள்.

கே: பட்டியலுக்கு எண் போடுவதா, ஆசிரியர்–ஆண்டு முறையா?
*– பல் மருத்துவ மாணவர், சென்னை*

ப: பிரசன்டேஷனுக்கு ஆசிரியர்–ஆண்டுதான். ஒரு ஸ்லைடை முன்னே நகர்த்தினால் எண்கள் எல்லாம் கலையும், பவர்பாயிண்ட் தானாகத் திருத்தித் தராது. எண்தான் வேண்டும் என்று துறை கட்டாயப்படுத்தினால், வரிசை இறுதியான அன்று போடுங்கள். ஸ்லைடுதோறும் 1, 2 என்று புதிதாகத் தொடங்கிய பழைய எண்களை முதலில் அழித்துவிடுங்கள். 5-ஆம் ஸ்லைடின் "1" வேறு, 9-ஆம் ஸ்லைடின் "1" வேறு.

கே: நோட்ஸில் நாளிதழ்ச் செய்தியின் இணைப்பு மட்டும் இருக்கிறது. செய்தியோ ஓர் அரசு அறிக்கையைப் பற்றியது. பட்டியலில் எதைப் போடுவது?
*– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்*

ப: எதைப் படித்தீர்களோ அதை. அறிக்கையைத் தேடிப் பிடித்து எண்ணைச் சரிபார்த்தால் அறிக்கையைப் போடுங்கள், செய்தி தேவையில்லை. கிடைக்கவில்லையென்றால் செய்தியைப் போட்டு, அதில் மேற்கோள் காட்டப்பட்ட அறிக்கை இது என்று சேர்த்து எழுதுங்கள்.

கே: பட்டியல் முடிந்தது. முடிந்ததுதானா என்று எப்படித் தெரியும்?
*– நான்கு பேரில் இன்னொருவர், மதுரை*

ப: இரு பக்கமும் எண்ணுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஸ்லைடு எண்ணாவது இருக்க வேண்டும். இல்லாதது, அழித்துவிட்ட ஸ்லைடின் மிச்சம், நீக்குங்கள். பிறகு முதல் ஸ்லைடிலிருந்து வாருங்கள். வெளியிலிருந்து எடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும் படத்துக்கும் பட்டியலில் ஆள் இருக்க வேண்டும். மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் விடாதீர்கள், கேள்வி நேரத்தில் நீங்கள் திறப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.