கசங்கிய காகிதம் கேட்டீர்களா?

'பழைய சினிமா போஸ்டர் மாதிரி' என்று ஏஐ-யிடம் கேட்டால், பழுப்பேறி மடிப்பு விழுந்த காகிதத்தையே தருகிறதே?
– வாசகர், திருப்பூர்

'விண்டேஜ்' என்று டைப் செய்திருப்பீர்கள். ஏஐ கற்றுக்கொண்டதெல்லாம் பீரோவில் கிடந்து, பின்னாளில் ஸ்கேன் ஆன தாள்கள். அதன் கணக்கில் கறையும் ஓவியத்தில் சேர்த்தி. சுவரில் ஒட்டிய அன்று அந்தப் போஸ்டர் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ரோஸுமாகப் பளபளத்தது. வெயிலில் நின்றால் அதன் வண்ணமே வெளுக்கும். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறிப்போய் நீலம்தான் மிஞ்சும். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் சுவரே சாட்சி. 'விண்டேஜ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு நிறத்தைச் சொல்லுங்கள்: ரோஸ் நிற முகம், கன்னத்தில் பச்சை நிழல், பின்னால் ஆரஞ்சு வானம்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு 1970-களின் பாணியில் போஸ்டர் அடிக்க ஆசை. கருவி அழகாக வரைகிறது. ஆனால் அது அப்பா இல்லை!
– வாசகி, விருதுநகர்

யாரோ ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்து வைத்துவிடாதீர்கள். வார்த்தையால் அப்பாவை விவரிப்பதை விட்டுவிட்டு, அவர் போட்டோவையே கொடுத்து வரையச் சொல்லுங்கள். Stable Diffusion போன்ற கருவிகளில் Denoising strength என்று ஒரு அளவு உண்டு. போட்டோவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கான அனுமதி அது. 0.2-ல் வைத்தால் போட்டோ போட்டோவாகவே இருக்கும். 0.4 பக்கம் தூரிகைத் தடம் தெரியும், அப்பாவும் தெரிவார். 0.7-க்குப் போனால் மீசை மட்டும் அப்பாவுடையது. போட்டோவிலும் விஷயம் இருக்கிறது. பிளாஷ் அடித்து எடுத்த முகத்தில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகத்தில் பச்சையை எங்கே பூசுவது? ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி எடுங்கள்.

அப்பா, அம்மா, அம்பாசிடர் கார், கோபுரம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கேட்காதீர்கள். முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். தனித்தனியாகச் செய்து பிறகு சேருங்கள். அந்தக் காலத்து டிசைனர்களும் பல நேரம் ஸ்டில்களைக் கத்தரித்து ஒட்டி, அதன்மேல்தான் வண்ணம் பூசினார்கள். அப்பா தலையைப் பெரிதாகவும் காரைத் தீப்பெட்டி அளவிலும் வையுங்கள். அளவுப் பொருத்தம் பார்த்தால் அது போஸ்டர் ஆகாது.

தலைப்பில் தமிழ் எழுத்து?
– வாசகர், தஞ்சாவூர்

கேட்டுப் பாருங்கள். சில கருவிகள் பூமியில் இல்லாத ஒரு லிபியில் எழுதித் தரும். சரியாக எழுதுபவையும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் எழுத்துருவைத்தான் தரும். தீப்பிடித்து எரியும் எழுத்தும் ரத்தம் சொட்டும் எழுத்தும் எளிதில் வராது. தலைப்புக்கு இடம் காலியாக விடச் சொல்லி, கையால் எழுதி ஸ்கேன் செய்து ஒட்டுங்கள்.

ஓவியரின் பெயரைச் சொன்னால் அவர் பாணி வருமா?
– வாசகர், சேலம்

பெயரோடு சேர்த்து நிறையப் படங்கள் இணையத்தில் இருந்தால் ஓரளவு வரும். இந்திப் பட போஸ்டர்களில் கத்தியால் வண்ணம் இழைத்த திவாகர் கர்கரேயைச் சொன்னால் ஏதாவது தேறலாம். நம் பேனர் ஓவியர் கே. மாதவனைச் சொன்னால் கருவி விழிக்கும். பிறகு சமாளித்துக்கொண்டு, பொதுவாக ஒரு பாலிவுட் போஸ்டரை நீட்டும். பேனர் ஓவியர்கள் பலரின் வேலை படம் மாறியதும் அழிக்கப்பட்டது. இல்லாத படத்தை எது கற்கும்?

தேறினாலும் அது மேல்தோல்தான். கத்தித் தடம் கர்கரேயிடம் கன்னத்து எலும்பின் போக்கில் ஓடும். கருவி அதே தடத்தைக் கன்னம், சட்டை, வானம் எல்லாவற்றிலும் ஒரே சீராகத் தெளித்துவிடும். காலரைப் பாருங்கள். நாளை ரிலீஸ் என்ற அவசரத்தில் ஓவியர் கண்ணுக்கும் உதட்டுக்கும் நேரம் கொடுத்துவிட்டு, காலரை இரண்டே இழுப்பில் முடித்திருப்பார். கருவிக்கு அவசரம் கிடையாது. காலர் தையலைக்கூட எண்ணி வரையும்.

அந்த ரோஸ் முகம், பச்சை நிழல் எல்லாம் ரசனைக் குறைவா?
– வாசகி, கோவை

தூரக் கணக்கு. 1957-ல் 'வணங்காமுடி'க்காகச் சென்னையில் சிவாஜிக்கு 80 அடி உயரக் கட்-அவுட் வைத்தார்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பச்சை, நிழலாகத்தான் தெரியும். கைக்கடக்கமான செல்போனில் பார்க்கும் உங்களுக்கு அது பெயின்ட். சின்னத் திரைக்கு என்றால் பச்சையைப் பாதியாகக் குறையுங்கள்.

ரஜினியை இப்படி வரைந்து டி-ஷர்ட்டில் போட்டு விற்கலாமா?
– வாசகர், ஓசூர்

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. கத்தித் தடம் யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் ஒரு குறிப்பிட்ட போஸ்டரை அப்படியே நகலெடுத்தால், வரைந்தவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை சட்டம் குறுக்கே நிற்கும். முகம் வேறு விவகாரம். தன் பெயரில் வரவிருந்த ஒரு இந்திப் படத்துக்கு 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியவர் ரஜினி. விருதுநகர் வாசகியின் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், சம்மதிப்பார்.