பி.டி.ன்னா என்ன கண்ணு?

வா கண்ணு, உக்காரு. காப்பி வருது. அதுக்குள்ள அந்தக் கத்தையை இப்படிக் குடு, பாக்கறேன். பாய்லருக்குப் புதுசா வந்த பசங்களுக்குக் கையேடு போடறயாமா, உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. பின்னாடி சொல்லடைவு, சுருக்கெழுத்துப் பட்டியல்னு தனியா வேற. நெம்ப சந்தோசம். சாயப்பட்டறைப் பாய்லர் முன்னால நாங்க நின்ன காலத்துல ஃபோர்மேன் வாயில வர்றதுதான் அடைவு, அதுலயும் பாதி அச்சுல ஏத்த முடியாது.

நானூறு சொல்லா! அடேங்கப்பா. 'சூப்பர் கிரிட்டிக்கல்'னு ஒண்ணு போட்டிருக்கறயே, அது அனல்மின் நிலையத்து சமாச்சாரமல்ல? உன்றது 10 கிலோ பிரஷர்ல ஓடற வெறகுப் பாய்லரு. ஆத்துல வெள்ளம் வந்தா ஒதவும்னு எழுதி வெச்சயாக்கும்? இல்ல, ஆபீஸ்ல இருந்த பழைய புத்தகத்தோட கடைசிப் பக்கத்தை அப்படியே எறக்கிப்போட்டயா? முழிக்கறதைப் பாத்தா ரெண்டாவதுதான்னு தெரியுது.

சரி, நல்லா வேலை செய்யற ஆளுகளைக் கெடுக்கோணும்னா எப்படிப் பட்டியல் போடோணும்னு நான் சொல்றேன், எழுதிக்க. மொதல்ல, கையேட்டுல இல்லாத சொல்லையெல்லாம் சேர்க்கோணும். இருக்கறதை உட்டுப்போடோணும். அப்புறம், பேனல்ல என்ன எழுதியிருக்குது, வால்வுல தொங்கற தகட்டுல என்ன பொறிச்சிருக்குதுன்னு எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. முக்கியமா, ராத்திரி ஷிஃப்ட்டுக்காரன் லாக் புக்குல என்ன கிறுக்கறான்னு கேக்கவே கூடாது. இதையெல்லாம் நீ ஏற்கெனவே பண்ணிப்போட்டே, நான் ஒண்ணும் புதுசாச் சொல்லித் தரலை.

இதுல பாரு, 'பி.டி.: புளோடவுன்.' அவ்வளவுதான். அதுக்கு நேரா சொல்லடைவுல போனா, 'புளோடவுன்: பாய்லரைப் புளோடவுன் செய்தல்.' ஆருடா நீன்னு கேட்டா, எங்கப்பனுக்கு மகன்னு சொன்ன கதையா இருக்குது. புதுப்பையன் இதைப் படிச்சுப்போட்டு எந்தத் திருகைத் தொடுவான்?

அந்த பி.டி. ஒரு பட்டறையில என்ன கூத்து அடிச்சுதுன்னு கேட்டுக்க. பேரு வேண்டாம். அங்க ராத்திரிப் பாக்கறவன் நல்ல வேலைக்காரன். பம்பு நின்னா சரி பண்ணிப்போட்டு லாக்குல 'பி.டி. ஓ.கே.'ன்னு எழுதுவான். அவனுக்கு பி.டி.ன்னா பிரேக்டவுன். காலையில வர்றவன் புதுசு, அப்பத்தான் பயிற்சி முடிச்சு வந்தவன். அவனுக்கு வகுப்புல பி.டி.ன்னா புளோடவுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. லாக்கைப் பாக்கறான், 'சரி, அண்ணன் அடியில தொறந்து சேறு தள்ளியாச்சு'ன்னு நெனச்சுக்கறான், அவன் தள்ளறதில்லை. அந்த வாரம் பாத்து ஃபீடு பம்பு தெனமும் மக்கர் பண்ணுச்சு. தெனமும் பி.டி. ஓ.கே. ஒருத்தனும் பொய் எழுதலை, ஒருத்தனும் சோம்பலும் படலை.

உள்ள என்னாகும்? தண்ணி ஆவியாப் போகும், அதுல கரைஞ்ச உப்பு போகாது, உள்ளயே தங்கிக் கனக்கும். அந்த உப்புக் கணக்குதான் டி.டி.எஸ். இந்த மாதிரி ஷெல் பாய்லருக்கு 3500 பி.பி.எம். தாண்டக் கூடாதுன்னு பொதுவா வெப்பாங்க. உன்ற பாய்லர்க் கம்பெனிப் புத்தகம் என்ன சொல்லுதோ அதைத்தான் நீ எழுதோணும், கெழவன் சொன்னான்னு இதை எழுதிப்போடாதே. தாண்டுனா தண்ணி நொரைக்கும். கேஜ் கிளாஸ்ல மட்டம் ஒரு எடத்துல நிக்காம எகிறிக் குதிக்கும். ஸ்டீமோட சேந்து தண்ணியும் குழாயில ஓடும். அங்கயும் அதான் நடந்துச்சு. லைன் மடார் மடார்னு அடிக்க, சாய மிஷின் சூடேற நேரம் புடிக்க, மேஸ்திரி வந்து பாய்லர்க்காரனைத் திட்ட, அவன் பம்பைத் திட்டுனான். பட்டியலை ஆரும் திட்டலை. அங்க பட்டியலே இல்லையே.

இப்ப உன்ற பட்டியல் இருக்குது, அது என்ன பண்ணும்? 'பி.டி.: புளோடவுன்'னு நீ போட்டாலும் ராத்திரிக்காரன் கை பழக்கத்துல பிரேக்டவுனுக்கும் அதையேதான் எழுதுவான். அதனால அந்தச் சுருக்கத்தை அடிச்சுப்போடு. அடிச்சதைச் சும்மா உடாதே, பட்டியல்லயே எழுது: 'பி.டி. — இதை எழுதக் கூடாது. புளோடவுன் என்றால் புளோடவுன் என்றே எழுதவும். எந்திரம் நின்றால் பழுது என்று எழுதவும்.' எழுதக் கூடாத சுருக்கத்தையும் பட்டியல்ல தேடுவாங்க கண்ணு. பழைய லாக்குல அது இருக்குமல்ல?

டி.டி.எஸ்.ஸையும் பாத்து எழுது. உங்க கணக்குப்புள்ளை கையில கையேடு சிக்குனா, பாய்லர்லயும் வருமான வரி புடிக்கறாங்கன்னு நெனச்சுக்குவாரு. சிரிக்காதே. அது ஒண்ணும் ஆபத்தில்லை, ஆபீஸ்ல ஒண்ணும் வெடிக்காது.

வெடிக்கறது இங்க இருக்குது, பாரு. பி.ஆர்.வி. பதினெட்டாம் பக்கத்துல, 'பி.ஆர்.வி.யை மூடிவிட்டு பைபாஸ் வழியாக ஸ்டீம் கொடுக்கவும்'னு எழுதியிருக்கறே. சரிதான், அது பிரஷர் ரெட்யூசிங் வால்வு. பாய்லர்ல இருந்து 10 கிலோவுல வர்றதை மிஷினுக்கு 4 கிலோவாக் கொறைச்சுக் குடுக்கறது, பழுது பாக்கோணும்னா மூடத்தான் வேணும். பைபாஸ் தொறந்திருந்தா ஒருத்தன் கேஜைப் பாத்துட்டே நிக்கோணும்ங்கறதையும் சேத்து எழுது, அதுபாட்டுக்கு உட்டா 10 கிலோவும் மிஷினுக்குப் போயிரும். இப்ப நாப்பதாம் பக்கத்துக்கு வா. சுடுதண்ணித் தொட்டிக்காரன் குடுத்த காயிதத்துல இருந்து ஒட்டியிருக்கறே: 'பி.ஆர்.வி.யை எக்காரணம் கொண்டும் மூடவோ அடைக்கவோ கூடாது.' அவன் சொல்றது பிரஷர் ரிலீஃப் வால்வு. பிரஷர் மிஞ்சுனா தானாத் தொறந்து காப்பாத்தற வால்வு. ஒரே கையேட்டுல ஒரே மூணெழுத்து, ஒண்ணை மூடச் சொல்லுது, இன்னொண்ணைத் தொட்டாக் கையை ஒடிப்பேங்குது. புதுப்பையன் பதினெட்டாம் பக்கத்தைப் படிச்சுப்போட்டு நாப்பதாம் பக்கத்து வால்வுகிட்டப் போய் நிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதுக்கு நீ பட்டியல்ல ரெண்டு அர்த்தமும் போட்டு, 'இடத்துக்கு ஏற்பப் பொருள் கொள்க'ன்னு எழுதுவே. எனக்குத் தெரியும், காலேஜ் படிச்சவன் அப்படித்தான் பண்ணுவான். எடமும் பொருளும் தெரிஞ்சவன் உன்ற பட்டியலை எதுக்குப் பொரட்டறான்? பைப்புல தொங்கற தகட்டுல 'பி.ஆர்.வி.–1'ன்னு இருக்கறது எது? ரெட்யூசிங்தான? அப்ப அந்தச் சுருக்கம் அதுக்கு மட்டும். இன்னொண்ணை ஒவ்வொரு பக்கத்துலயும் 'ரிலீஃப் வால்வு'ன்னு முழுசா எழுது, தொட்டிக்காரன் காயிதத்துல இருந்து ஒட்டுன பக்கத்துலயும் மாத்து. கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திப்போடலாம்னு கைய வெக்காதே, ரெட்யூசிங்கும் சேந்து ரிலீஃபா மாறிப்போகும். ஒவ்வொண்ணாப் போய்ப் பாரு. கண்ணு வலிச்சா உங்காயாகிட்ட வெளக்கெண்ணெய் இருக்குது.

இதென்ன, 'கேஜ் கிளாஸ்: நீர்மட்டக் காட்சி அளவி.' அழகாத்தான் இருக்குது, பட்டிமன்றத்துல சொன்னா கை தட்டுவாங்க. நீ இப்படி எழுது: 'பாய்லரின் முன்பக்கம் நிற்கும் கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும். முழுவதும் நிறைந்தாலும் முழுவதும் காலியானாலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். வழி அடைத்தால் பொய் மட்டம் காட்டும். சோதிக்கும் முறை: பக்கம் 11.' இவ்வளவு போதும். எங்க இருக்குது, என்ன பண்ணுது, எப்பப் பொய் சொல்லுது. எந்தத் திருகை மொதல்ல தொறக்கறது, தண்ணி எவ்வளவு வெரசாத் திரும்பி ஏறோணும்ங்கறதையெல்லாம் அடைவுல எழுதாதே. நாளைக்கு முறையை மாத்துனீன்னா பதினொண்ணாம் பக்கத்துல மாத்துவே, கடைசிப் பக்கத்துல மறந்துபோடுவே. புதுப்பையன் பாத்து பாத்து மறந்த பக்கத்தைத்தான் படிப்பான்.

அப்புறம் மோப்ரேயைக் காணமே? 'ஃப்ளோட் வகை நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி'ன்னு நீட்டி முழக்கியிருக்கறே. அது ஒரு கம்பெனிப் பேருதான், ஒத்துக்கறேன். ஆனா பாய்லர் ரூமுல எந்தக் கம்பெனி மாட்டியிருந்தாலும் அதுக்குப் பேரு மோப்ரேதான். சீனியர் 'மோப்ரே மாட்டிக்கிச்சு, பாருடா'ன்னு கத்துனா, புதுப்பையன் உன்ற பட்டியல்ல 'மோ'வுலதான் தேடுவான். அங்க ஒரு வரி போடு: 'மோப்ரே — நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்க்க.' வாயில இருக்கற சொல்லுக்கு ஒரு வாசல் வேணும். அதுக்காக கையேட்டு உள்ளயும் ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி எழுதிப்போடாதே, ரெண்டு கருவின்னு நெனச்சுக்குவான்.

அளவுக்குத் தனிப்பக்கம் போடு. '3 டன் பாய்லர்'னா அது எடைன்னு நெனச்சு, கீழ வெச்ச கான்கிரீட் தாங்குமான்னு ஒரு பையன் கேட்டான். நல்ல பையன், கேக்கவாச்சும் கேட்டான். மணிக்கு 3 டன் ஸ்டீம்னு எழுது. அதுவும் 100 டிகிரித் தண்ணியை 100 டிகிரி ஸ்டீமா மாத்தற கணக்குல சொன்னது. நீ 60 டிகிரித் தண்ணியை உட்டு 10 கிலோவுல எடுத்தா 2.7 டன் கிட்டத்தான் வரும். அதை எழுதலைன்னா மொதலாளி மூணாவது டன்னைக் காணோம்னு பசங்களைப் புடிப்பாரு.

நானூறுல எவ்வளவு மிஞ்சும்னு கேக்கறயா? கையேட்டை எடுத்து, புரியாத சொல்லுக்குக் கோடு போடு. நீ போடாதே, உனக்கு எல்லாம் புரியுமே. போன மாசம் சேந்தவனைப் போடச் சொல்லு. அப்புறம் தகடு, பேனல், லாக் புக்கு. அதுல வந்தது உள்ள, வராதது வெளிய. ஒரு தடவையோ ரெண்டு தடவையோ வர்ற பேருக்குச் சுருக்கமே வேண்டாம், முழுசா எழுதிப்போடு, மை தீந்து போகாது.

காப்பி ஆறிருச்சு பாரு. ஆமா, இங்க 'எஸ்.வி.'ன்னு இருக்குதே, அது சேஃப்டி வால்வா, சாலனாய்டு வால்வா? ஏன் காயிதத்தைச் சுருட்டறே? உக்காரு கண்ணு, இன்னும் 'எஃப்.டபிள்யூ.'வையே பாக்கலை, அதுல ஃபீடு வாட்டரும் இருக்குது, ஃபயர் வாட்டரும் இருக்குது.